தானாகப் புளித்துக் கள்ளாகும் பதநீரும் பழச்சாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரும் எதுவும் கலக்கவில்லை. சும்மா வைத்திருந்த சாறு எப்படிப் போதை தருகிறது?

கலக்க வேண்டிய ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சைதான் அவர். பழத்தின் தோலில், பாளையின் வெட்டுவாயில், அங்கு வந்து மொய்க்கும் ஈ, எறும்பு, தேனீயின் கால்களில், கலயத்தின் உட்சுவரில் என்று எல்லா இடத்திலும் ஈஸ்ட் இருக்கிறது. மரத்துக்குள் ஓடும்வரை சாற்றில் நுண்ணுயிர் அநேகமாக இருக்காது. சீவிய முனையிலிருந்து சொட்டும் அந்தக் கணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

பனை, தென்னை, ஈச்சை எதுவானாலும் சாற்றின் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது நாம் சமையலறையில் வைத்திருக்கும் அதே சர்க்கரை. ஈஸ்ட் அதை முதலில் ஒரு நொதியால் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாக உடைக்கிறது. பிறகு அவற்றை உள்ளே இழுத்து, உயிர் வாழத் தேவையான சக்தியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியே தள்ளுகிறது. கலயத்தில் பொங்கும் நுரை அந்த வாயுதான். இது உயிருள்ள செல்கள் செய்யும் வேலை என்று 1850-களின் இறுதியில் லூயி பாஸ்டர் நிறுவினார். அதுவரை இது வெறும் வேதி மாற்றம் என்று வாதிட்டவர்களும் நிறைய பேர் இருந்தார்கள்.

எவ்வளவு நேரத்தில் ஆல்கஹால் உண்டாகத் தொடங்கும்?

சொட்டத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே. சுண்ணாம்பு தடவாத கலயத்தை மாலையில் கட்டி விடியலில் இறக்கினால், அதில் இருப்பது முழுக்க இனிப்புச் சாறு என்று சொல்ல முடியாது. புளிப்பு ஏறத் தொடங்கியிருக்கும், கொஞ்சம் ஆல்கஹாலும் இருக்கும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் சிக்கலே. அடுத்த கேள்விக்கான பதில் நீளமாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

ஒரே மரம், ஒரே ஆள் இறக்குகிறார். நேற்றுக் குடித்தபோது ஒன்றும் தெரியவில்லை, இன்று அதே அளவுக்குத் தலை சுற்றுகிறது. ஏன்?

பெரும்பாலும் கலயம்தான் காரணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாலை 6 மணிக்கு இரண்டு கலயங்கள் கட்டப்படுகின்றன. இரண்டிலும் காலைக்குள் இரண்டு லிட்டர் சாறு சேரும். ஒன்று நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்தது. இன்னொன்றில் நேற்றைய கள் அடியில் 20 மில்லி தங்கியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. நன்றாகப் புளித்த கள்ளில் ஒரு மில்லிக்கு 5 கோடி ஈஸ்ட் செல்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 மில்லியில் மொத்தம் 100 கோடி செல்கள். அவை இரண்டு லிட்டரில் பரவினால் மில்லிக்கு 5 லட்சம். கழுவிய கலயத்தில் காற்றிலிருந்தும் பூச்சியிலிருந்தும் வந்தது மில்லிக்கு 500 என்று கொள்வோம். இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

வெதுவெதுப்பான இரவில் ஈஸ்ட் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மில்லிக்கு 5 லட்சத்தில் தொடங்கிய கலயம் 5 கோடியை எட்ட நூறு மடங்கு பெருக வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஏழு தடவை இரட்டிக்க வேண்டும், சுமார் 13 மணி நேரம். அதாவது காலை 7 மணி. கழுவிய கலயம் அதே 5 கோடியைத் தொட ஒரு லட்சம் மடங்கு பெருக வேண்டும், சுமார் 33 மணி நேரம். மறுநாள் இரவும் கழிந்து விடியற்காலை 3 மணி ஆகிவிடும். பாலுக்கு உறை ஊற்றினால் தயிர் சீக்கிரம் உறைவது மாதிரிதான் இதுவும், ஆனால் இங்கே உறை எவ்வளவு விழுந்தது என்று ஊற்றியவருக்கே தெரியாது.

இந்த 5 கோடிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? செல்கள் குறைவாக இருக்கும்வரை அவை தின்னும் சர்க்கரை கணக்கில் வராது. கோடிக்கணக்கில் பெருகிய பிறகுதான் மணிக்கு லிட்டருக்குச் சில கிராம் என்ற வேகத்தில் சர்க்கரை கரையத் தொடங்கும். அந்த நிலையில் இரண்டு மூன்று மணி நேரம் தாமதித்தாலே வீரியம் கண்கூடாக ஏறும். காலை 7 மணிக்குக் குடித்தவரும் மதியம் குடித்தவரும் ஒரே கலயத்தில் வேறு வேறு பானத்தைக் குடித்திருக்கிறார்கள்.

இரவு குளிர்ந்தால் கணக்கே மாறிவிடும். இரட்டிக்க இரண்டு மணிக்குப் பதில் மூன்று மணி நேரம் ஆனால், 13 மணி என்பது 20 மணி ஆகிறது. ஒரு மழை இரவுக்கும் புழுக்கமான இரவுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கலயத்தில் இருப்பது ஒரே வயதுள்ள சாறு இல்லை. முதல் சொட்டு நேற்று மாலை விழுந்தது, கடைசிச் சொட்டு இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு விழுந்தது. மொத்தமும் கலந்த சராசரிதான் டம்ளரில் வருகிறது. இரவின் முற்பகுதியில் சாறு அதிகமாக ஊறினால் கலயத்தில் பழைய சாறு கூடுதல், விடியலில் அதிகமாக ஊறினால் புதிய சாறு கூடுதல். அதற்கு மேல், பல மரத்துக் கலயங்களை ஒரே பாத்திரத்தில் கொட்டும்போது, நன்றாகப் புளித்த ஒரு கலயம் மற்ற எல்லாவற்றுக்கும் உறையாகிவிடும்.

எவ்வளவுதான் ஏறும்? உச்சவரம்பு ஏதாவது உண்டா?

உண்டு, அதைச் சர்க்கரை முடிவு செய்கிறது. நடைமுறையில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும். மரச்சாற்றில் பொதுவாக லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் சர்க்கரை இருக்கும். 120 கிராம் என்று எடுத்துக்கொண்டால், ஈஸ்ட் ஒரு துளி விடாமல் மாற்றினால் ஏழு சதவீதம் வரும். 100 கிராம் என்றால் ஆறு.

நடப்பில் அவ்வளவு வருவது அபூர்வம். சர்க்கரையை ஈஸ்ட் மட்டும் தின்பதில்லை என்பதுதான் காரணம். புதிய மரச்சாறு கிட்டத்தட்ட நடுநிலையானது, புளிப்பும் இல்லை காரமும் இல்லை. பாக்டீரியாவுக்கு இது மிகவும் பிடித்த நிலை. லாக்டிக் அமில பாக்டீரியா உள்ளே புகுந்து ஒரு பகுதிச் சர்க்கரையைப் புளிப்பாக மாற்றும். லியூகோனோஸ்டாக் என்ற இனம் சர்க்கரையைப் பிசினாக்கிச் சாற்றைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிசினாகப் போன சர்க்கரை இனி ஆல்கஹால் ஆகாது. மறுபக்கம், சைமோமோனாஸ் என்ற பாக்டீரியா ஈஸ்டைப் போலவே ஆல்கஹாலைத் தயாரிக்கும், வேகமாகவும் தயாரிக்கும். இவர்களில் யார் முந்துகிறார் என்பதை யாரும் திட்டமிடவில்லை. ஆகவே ஒரே அளவு சர்க்கரையில் தொடங்கிய இரண்டு கலயங்கள், ஒரே நேரம் கழித்து, ஒன்று புளிப்பாகவும் மற்றது வீரியமாகவும் முடியலாம்.

பழச்சாறும் இதே மாதிரிதானா?

அடிப்படை ஒன்றுதான், வழி கொஞ்சம் வேறு. பழச்சாறு பெரும்பாலும் புளிப்பானது. அதனால் பல பாக்டீரியாவுக்குக் கதவு பாதி மூடியிருக்கிறது, ஈஸ்டுக்குத் திறந்திருக்கிறது. பழத்தோலில் இருக்கும் காட்டு ஈஸ்ட் வகைகள் முதலில் வேலையைத் தொடங்கும். அவற்றில் பல, ஆல்கஹால் நாலைந்து சதவீதத்தைத் தாண்டும்போது தாக்குப்பிடிக்காமல் ஒடுங்கிவிடும். அந்த நேரத்தில் சாக்கரோமைசிஸ் என்ற வலுவான ஈஸ்ட் போதுமான அளவு இருந்தால் மேலே கொண்டுபோகும். இல்லையென்றால் பாதி இனிப்போடு அப்படியே நின்றுவிடும். திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும் என்பதால் 12 சதவீதம்வரை போக இடமுண்டு. ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றில் ஏறக்குறைய அதில் பாதிதான். கடையில் வாங்கிய சாற்றில் பதப்படுத்தும் வேதிப்பொருள் சேர்த்திருந்தால் நாள்கணக்கில் ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். அதே அலமாரியில், எதுவும் சேர்க்காமல் வீட்டில் பிழிந்தது இரண்டாம் நாள் குமிழி விடும்.

சுண்ணாம்பு தடவினால் ஏன் கள்ளாவதில்லை?

சுண்ணாம்பு சாற்றைக் கடுமையான காரநிலைக்குக் கொண்டுபோகிறது. அந்த நிலையில் ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருக முடியாது. காலையில் இறக்கும் பதநீர் இனிப்பாகவே இருப்பது இதனால்தான்.

ஆனால் இது நிரந்தரப் பூட்டு அல்ல, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு கலயத்தின் உட்சுவரில் பூசப்படுகிறது. சாறு எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஊறினால் பூசியது போதாது. பூச்சு ஒரு பக்கம் மெலிதாக இருந்தாலும், பழைய பூச்சு காய்ந்து பொருக்காகி இருந்தாலும், சாற்றில் சரியாகக் கரையாது. அங்கே பாக்டீரியா தலைகாட்டினால், அது விடும் அமிலம் மீதி இருக்கும் சுண்ணாம்பையும் தின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் காரம் குறைந்து, ஒரு கட்டத்தில் வழக்கமான புளிப்பேற்றம் தொடங்கிவிடும். காலையில் சரியாக இருந்த பதநீர் மாலையில் நுரைப்பதற்குக் காரணம் இதுதான். தெளியவைத்து மேலே இருப்பதை மட்டும் வடித்தெடுத்த பதநீரில் அடியில் சுண்ணாம்புக் கையிருப்பு இல்லை, ஆகவே அதற்கு இன்னும் குறைவான நேரம்தான்.

நாக்கில் வைத்துப் பார்த்தால் வீரியம் தெரிந்துவிடாதா?

தெரியாது. அனுபவசாலிகள் பலரும் நாக்கை நம்புகிறார்கள் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

நாக்குக்குத் தெரிவது மீதமுள்ள இனிப்பும் வந்திருக்கும் புளிப்பும்தான். லிட்டருக்கு 150 கிராமில் தொடங்கிய சாற்றில் 70 கிராம் கரைந்த பிறகும் 80 கிராம் இனிப்பு மிச்சம் இருக்கும். குடிப்பவருக்கு அது நல்ல இனிப்பு. ஆனால் உள்ளே நான்கு சதவீதம் ஆல்கஹால் உட்கார்ந்திருக்கும். இன்னொரு கலயத்தில் 80 கிராமில் தொடங்கிய மெலிந்த சாறு, லாக்டிக் பாக்டீரியா முந்திக்கொண்டதால் வாயைக் கூசவைக்கும் அளவு புளித்திருக்கும், ஆல்கஹால் இரண்டு சதவீதம்கூட வந்திருக்காது. இனிப்பானதை லேசானது என்றும் புளித்ததைக் கடுமையானது என்றும் நினைத்தால், இந்த இரண்டு கலயத்திலும் ஏமாந்துபோவோம்.

நுரையும் அப்படித்தான். நுரை என்பது இப்போது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். எவ்வளவு முடிந்திருக்கிறது என்று அது சொல்லாது. வேலையெல்லாம் முடிந்து அடங்கிய கள்ளில் நுரை குறைவு, வீரியம் உச்சம். குளிரவைத்துக் குடித்தால் நாக்கு இன்னும் மந்தமாகிவிடும்.

200 மில்லி டம்ளர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சதவீதக் கள்ளில் அந்த டம்ளருக்குள் 4 மில்லி ஆல்கஹால். ஆறு சதவீதத்தில் 12 மில்லி. ‘நான் எப்போதும் இரண்டு டம்ளர்தான் குடிப்பேன்’ என்பவர் ஒரு நாள் ஆறு டம்ளருக்குச் சமமானதைக் குடித்திருக்கிறார்.

ஏதாவது கருவி வைத்து அளக்கலாமா?

அளக்கலாம், ஆனால் ஒருமுறை அளந்தால் போதாது. மிதக்கவிட்டுப் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் திரவத்தின் அடர்த்தியைக் காட்டுகிறது. சர்க்கரை அடர்த்தியைக் கூட்டும், ஆல்கஹால் குறைக்கும். சர்க்கரைச் செறிவைக் குறிக்கும் பிரிக்ஸ் அளவில் 12 காட்டிய சாறு, புளித்துப் புளித்து 6 காட்டினால், ஆல்கஹால் சுமார் மூன்று சதவீதம் என்று கணக்கிடலாம். ஆனால் முதல் அளவு தெரியாமல் 6 என்று மட்டும் பார்த்தால் என்ன சொல்வீர்கள்? ஆல்கஹாலே இல்லாத மெலிந்த புதுச் சாறும் 6 காட்டும். தண்ணீர் ஊற்றிய சாறும் 6 காட்டும்.

மரத்தில் கட்டிய கலயத்துக்கு முதல் அளவு எடுப்பதே கஷ்டம், ஏனென்றால் அது சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது. கூடவே, லாக்டிக் அமிலமாகப் போன சர்க்கரையையும் ஆல்கஹாலாகப் போனதாக எண்ணிவிடும் அபாயம் இருக்கிறது. கண்ணருகே பிடித்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இன்னும் மோசம். ஆல்கஹால் கலந்தவுடன் அது சர்க்கரையைக் கூடுதலாகக் காட்டத் தொடங்கும். புதுச் சாற்றின் இனிப்பைப் பார்க்க அது நல்ல கருவி, புளித்ததற்கு நம்பாதீர்கள். சரியான அளவு வேண்டுமென்றால் ஆய்வகத்தில் காய்ச்சி வடித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் நின்றுவிடும் இல்லையா?

மெதுவாகும், நிற்காது. அதைவிட முக்கியம், ஃப்ரிட்ஜுக்குப் போகும்போது எந்த நிலையில் இருந்தது என்பது. ஏற்கெனவே கோடிக்கணக்கில் ஈஸ்ட் பெருகிய ஐந்து லிட்டர் குடத்தை உள்ளே வைத்தால், நடுப்பகுதி குளிர்வதற்கே பல மணி நேரம் ஆகும். அதுவரை வேலை நடந்துகொண்டே இருக்கும். சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து வைத்தால் பரவாயில்லை.

இறுக்கி மூடிய பாட்டிலில் வைக்கலாமா?

கூடாது. லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை முழுதும் புளித்தால் சுமார் 30 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் அது அடங்காது. கண்ணாடி வெடித்துச் சிதறும், பிளாஸ்டிக் பாட்டில் கல்லாக விறைக்கும். மூடியைத் தளர்வாக வையுங்கள். ஏற்கெனவே விறைத்துவிட்ட பாட்டிலாக இருந்தால் முகத்துக்கு நேரே திறக்காதீர்கள். முதலில் நன்றாகக் குளிரவைத்து, துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

நாள் கூட வைத்தால் வீரியம் ஏறிக்கொண்டே போகுமா?

இல்லை. ஏறி, நின்று, இறங்கும். சர்க்கரை தீர்ந்த பிறகு ஈஸ்டுக்கு வேலை இல்லை. அப்புறம் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா வருகிறது. காற்றின் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆல்கஹாலையே வினிகராக மாற்றுகிறது. மூக்கைத் துளைக்கும் வாடை, மேலே மெல்லிய ஆடை, இவைதான் அடையாளம். வெப்பமான இடத்தில், வாய் அகன்ற பாத்திரத்தில், இரண்டாம் நாளே இது தொடங்கிவிடும். வாய் குறுகலான, நிரம்பிய பாத்திரத்தில் காற்று குறைவு என்பதால் ஆல்கஹால் அதிக நேரம் தங்கும். பாத்திரத்தின் வடிவம்கூட வீரியத்தை மாற்றுகிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கொதிக்கவைத்தால் சரியாகிவிடுமா?

ஈஸ்ட் செத்துவிடும், மேற்கொண்டு ஆல்கஹால் உண்டாகாது. அதுவரை உண்டானதில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு கொதி விட்டு இறக்கினால் கணிசமாக மிச்சம் இருக்கும். ஆறவைத்துத் திறந்து வைத்தால் புது ஈஸ்ட் வந்து மறுபடியும் ஆரம்பிக்கும். இனிப்பாகவே வேண்டும் என்றால் புளிப்பதற்கு முன்பே, இறக்கிய உடனே காய்ச்ச வேண்டும்.

தானாகப் புளித்ததால் கண் பார்வை போகுமா?

கண்ணைப் பறிப்பது மெத்தனால். பழத்தில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளிலிருந்து மிகச் சிறிதளவு மெத்தனால் வரும். சும்மா புளிக்கவைத்த சாற்றில் அது ஆபத்தான அளவை எட்டுவதில்லை. உயிரைக் குடித்த விஷச்சாராயச் சம்பவங்களில் மெத்தனால் வெளியிலிருந்து கலக்கப்பட்டதுதான் வழக்கமான காரணம். அதனால், கள்ளில் ‘ஏறவில்லை’ என்று யாராவது எதையாவது சேர்த்துக் கொடுத்தால் அதைத் தொடாதீர்கள். இங்கே சொன்ன எந்தக் கணக்கும் அதற்குப் பொருந்தாது.

காலையில் இறக்கிய இனிப்பான சாறு. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுக்கலாமா?

சுண்ணாம்பு போட்டு, இறக்கிய உடனே, நுரையே இல்லாமல் இருக்கும் பதநீர் வேறு. சுண்ணாம்பு இல்லாமல் ராத்திரி முழுக்கக் கட்டிய சாறு எவ்வளவு இனித்தாலும் கொடுக்க வேண்டாம். இனிப்பு மிச்சம் இருக்கிறது என்பதற்கு ஆல்கஹால் இல்லை என்று அர்த்தம் கிடையாது. வண்டி ஓட்டப் போகிறவருக்கும், குடியை விட்டுவிட்டவருக்கும் இதே பதில்தான்.

பதநீராகவே இருந்தாலும் வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: எத்தனை மணிக்கு இறக்கினீர்கள், இன்று சுண்ணாம்பு புதிதாகப் பூசினீர்களா? டம்ளரில் ஊற்றிச் சற்று நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியிலிருந்து சின்னக் குமிழிகள் வரிசையாக மேலே வந்துகொண்டே இருந்தால் புளிப்பேற்றம் தொடங்கிவிட்டது, குழந்தைக்கு வேண்டாம். குமிழி வராவிட்டாலும், வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்து மதியத்துக்கு என்று எடுத்துவைக்காதீர்கள். அங்கேயே, அப்போதே கொடுத்துவிடுங்கள்.